மூன்றில் இரண்டு

1990-களில் மருத்துவம் படித்த என் தலைமுறைக்கு பிசிஓஎஸ் என்றதும் மனத்தில் எழுந்தது ஒரே ஒரு பெண்ணின் உருவம்தான். உடல் பருத்தவள், மேலுதட்டிலும் தாடையிலும் முடி வளர்ந்தவள், மாதக்கணக்கில் மாதவிலக்கு வராதவள், குழந்தைக்காகக் காத்திருப்பவள். அந்த உருவம் 1935-இல் சிகாகோவில் இர்விங் ஸ்டெயினும் மைக்கேல் லெவென்தாலும் எழுதிய கட்டுரையிலிருந்து பாடநூல்களுக்கு வந்தது. அவர்கள் விவரித்தவர்கள் ஏழு பெண்கள். சினைப்பையின் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்த பிறகு ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது, இருவர் கருவுற்றனர். அந்த ஏழு பேரிலும்கூட சிலருக்குத்தான் பருமன் இருந்தது. முடி வளர்ச்சியும் எல்லோருக்கும் இல்லை. பாடநூல்களோ அவர்களை ஒன்றாகக் கூட்டி ஒரே முகமாக்கிவிட்டன. அந்த முகத்தோடு பொருந்தாத பெண்களை எங்கே வைப்பது என்பதைச் சுற்றியே கடந்த முப்பத்தைந்து ஆண்டு விவாதம் நடந்திருக்கிறது. நான் படித்தும் பார்த்தும் வந்த அந்த மாற்றங்களை நினைத்துப் பார்க்கையில் எனக்கு உறுதிப்படுவது இது: பிசிஓஎஸ்ஸின் அளவுகோல், நிபுணர்கள் கூடிப் பேசி வரைந்த எல்லைக்கோடு. அறிகுறிகள் பெண்ணுக்குப் பெண் மாறுவதன் காரணத்தில் பாதி அந்தக் கோட்டில் இருக்கிறது, மீதிப் பாதி உடலுக்குள் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் ஒரு பெண்ணுக்கு அவள் நோயைச் சரியாக விளக்க முடியாது.

முதல் கோடு 1990-இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில், தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய மாநாட்டில் வரையப்பட்டது. வந்திருந்தவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கருத்துத் திரட்டினார்கள். ஆண்ட்ரோஜன் மிகுதி இருக்க வேண்டும், கருமுட்டை ஒழுங்காக வெளியேறாமல் இருக்க வேண்டும், இதே அறிகுறிகளைத் தரும் வேறு நோய்கள் இல்லை என்று உறுதிப்பட வேண்டும் என்பதே அங்கு மேலோங்கிய கருத்து. ஸ்கேன் அதில் இடம்பெறவில்லை. அதற்கு வலுவான நியாயமும் இருந்தது. இரண்டாண்டு முன்பு, 1988-இல், லண்டனில் நோய் எதற்கும் மருத்துவம் நாடாத பெண்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது ஐந்தில் ஒருவருக்கு மேல் சினைப்பை நுண்ணறைகள் நிறைந்த தோற்றத்தில் இருந்தது. ஆனால் ஐரோப்பிய மருத்துவர்கள், குறிப்பாக ஆங்கிலேயர்கள், ஸ்கேனைக் கைவிட விரும்பவில்லை. மாதவிலக்கு சீராக வந்தும் முகத்தில் முடி வளரும் பெண்களின் சினைப்பை அதே தோற்றம் காட்டுவதை அவர்கள் தொடர்ந்து கண்டுவந்தார்கள். 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் இரு தரப்பும் கூடியபோது பிறந்ததுதான் இன்று எல்லோரும் சொல்லும் ‘மூன்றில் இரண்டு’ விதி. மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம் ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டு இருந்தால் போதும்.

இந்த விதிக்குள் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. மூன்றில் இரண்டோ மூன்றுமோ இருக்கலாம் என்றால் நான்கு விதமான பெண்கள் உள்ளே வருகிறார்கள். மூன்றும் உள்ளவள் ஏ வகை. ஸ்கேன் இயல்பாக இருந்து மற்ற இரண்டும் உள்ளவள் பி வகை. மாதவிலக்கு சீராக இருந்து மற்ற இரண்டும் உள்ளவள் சி வகை. ஆண்ட்ரோஜன் மிகுதிக்கான அடையாளம் எதுவும் இல்லாமல் மற்ற இரண்டும் உள்ளவள் டி வகை. ஒரு சி வகைப் பெண்ணையும் டி வகைப் பெண்ணையும் அருகருகே உட்கார வைத்தால் இருவருக்கும் பொதுவாக இருப்பது ஸ்கேன் படம் மட்டும்தான். ஒருத்திக்கு முகத்தில் முடி, மாதந்தோறும் தவறாத விலக்கு. மற்றவளுக்கு மாசற்ற முகம், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலக்கு. இருவருக்கும் ஒரே பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டு, அறிகுறி ஏன் இப்படி மாறுகிறது என்று வியப்பதில் பொருளில்லை. விதியே அந்த வேற்றுமையை உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கிறது. 2006-இல் ஆண்ட்ரோஜன் மிகுதியை ஆராயும் சங்கம் ஒன்று இதை ஏற்காமல், ஆண்ட்ரோஜன் கட்டாயம் இருக்க வேண்டும் என்று டி வகையை வெளியே தள்ளியது. ஆக மூன்று கோடுகள்.

கோடு நகர்ந்தால் எத்தனை பேர் உள்ளே வருவார்கள் என்பதை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் தெளிவாகக் காட்டியது. 1970-களின் நடுவில் ஒரே மருத்துவமனையில் பிறந்த 728 பெண்கள். 1990 விதிப்படி அவர்களில் 8.7 விழுக்காட்டினருக்கு பிசிஓஎஸ். 2006 விதிப்படி 10.2. ராட்டர்டாம் விதிப்படி 11.9. ஸ்கேன் செய்யாமல் விடுபட்டவர்களையும் மதிப்பிட்டுச் சேர்த்தால் ராட்டர்டாம் கணக்கு 17.8 வரை போகும். பெண்களும் அதே பெண்கள், இரத்தமும் அதே இரத்தம். இந்தியாவின் பல மாநிலங்களில் நடந்து 2024-இல் வெளியான பெரிய ஆய்விலும் இதே கதைதான்: 1990 விதிப்படி ஏறத்தாழ 7 விழுக்காடு, ராட்டர்டாம் விதிப்படி 20-ஐ நெருங்கும் எண்ணிக்கை. அதிலும் அதிகம் பேர் இருந்தது மாதவிலக்கு சீராக வரும் சி வகையில். ‘ஐந்தில் ஒரு பெண்ணுக்கு பிசிஓடி’ என்று செய்தித்தாளில் படிக்கும்போது எந்த விதியால் எண்ணினார்கள் என்று கேட்க வேண்டியதன் காரணம் இதுதான். நோய் பரவுகிறதா என்ற கேள்விக்குப் போவதற்கு முன் வலையின் கண் அகலம் தெரிந்தாக வேண்டும்.

இனி உடலுக்குள் வருவோம். விதியை எவ்வளவு இறுக்கினாலும் பெண்ணுக்குப் பெண் வேறுபாடு மறையாது என்பதற்கான காரணம் அங்கே இருக்கிறது. சினைப்பையில் ஆண்ட்ரோஜனைச் சுரப்பவை தீக்கா செல்கள். அவற்றை முடுக்குவது மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் எல்.எச். என்ற ஹார்மோன். பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இந்த எல்.எச். துடிப்புகள் வேகமாக வருகின்றன. இரண்டாவது முடுக்கி இன்சுலின். அது தீக்கா செல்லில் எல்.எச்.சோடு சேர்ந்து ஆண்ட்ரோஜன் சுரப்பைக் கூட்டுகிறது. கல்லீரலில் அதன் வேலை வேறு. டெஸ்டோஸ்டிரோனைப் பற்றிக்கொண்டு இரத்தத்தில் அலையும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தின் உற்பத்தியை இன்சுலின் குறைக்கிறது. பற்றிக்கொள்ளும் புரதம் குறைந்ததும், மொத்த டெஸ்டோஸ்டிரோன் அதிகம் ஏறாமலேயே கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்துவிடுகிறது. இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். உடல் இன்சுலினுக்கு மசியவில்லை என்றுதானே சொல்கிறோம், சினைப்பை மட்டும் அதற்கு எப்படி மசிகிறது? இரண்டு கதவுள்ள வீட்டில் ஒன்று அடைத்துக்கொண்டால் தட்டுபவன் இன்னும் ஓங்கித் தட்டுவான், அடைபடாத மற்ற கதவு அந்த வேகத்தை முழுதாக வாங்கிக்கொள்ளும். செல்லுக்குள் இன்சுலினின் செய்தி செல்லும் பாதைகள் அப்படித்தான். தசையில் சர்க்கரையை உள்ளே எடுக்கும் பாதை மந்தமாகிறது; அதை ஈடுகட்டக் கணையம் இன்சுலினைக் கூட்டுகிறது; சினைப்பையில் ஹார்மோன் செய்யும் பாதை மந்தமாகாமல் அந்தக் கூடுதல் இன்சுலினுக்கு முழுதாக இணங்குகிறது.

இந்த இரண்டு முடுக்கிகளும் எல்லாப் பெண்ணிலும் ஒரே விகிதத்தில் இயங்குவதில்லை. ஒருத்தியிடம் எல்.எச். முன்னால் நிற்கிறது. அவள் மெலிந்திருக்கலாம், இன்சுலின் இயல்பாக இருக்கலாம், எஸ்.எச்.பி.ஜி. போதுமான அளவு இருக்கலாம். கருமுட்டை மட்டும் முதிர்வதில்லை. இன்னொருத்தியிடம் இன்சுலின் முன்னால் நிற்கிறது. கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிக்கிறது, இடுப்பு அகல்கிறது, சர்க்கரை மெல்ல ஏறுகிறது. மூன்றாவதாகத் தோல். இரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோன் முடிக்காலில் வேலை செய்வதற்கு அங்குள்ள ஒரு நொதி அதை இன்னும் வலிய ஆண்ட்ரோஜனாக மாற்ற வேண்டும். அந்த நொதியின் சுறுசுறுப்பும் முடிக்காலின் உணர்திறனும் குடும்பத்துக்குக் குடும்பம், இனத்துக்கு இனம் மாறும். ஆகவே ஒரே அளவு டெஸ்டோஸ்டிரோன் உள்ள மூவரில் ஒருத்திக்குத் தாடையில் முடி வளரும், மற்றொருத்திக்குப் பரு மட்டும் வரும், வேறொருத்திக்கு எதுவுமே வராது. கிழக்காசியப் பெண்களுக்குப் பொதுவாக முடி குறைவு; தெற்காசியப் பெண்களுக்கு அதிகம். இலங்கை மருத்துவர் சந்திரிகா விஜயரத்னவும் உடன் ஆய்வாளர்களும் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் செய்து 2002-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், தெற்காசியப் பெண்கள் வெள்ளையினப் பெண்களைவிட இளம் வயதிலேயே அறிகுறிகளோடு வந்தார்கள்; முடி வளர்ச்சியும் கழுத்துக் கருமையும் இன்சுலின் எதிர்ப்பும் அவர்களிடம் அதிகமாக இருந்தன. எங்கள் வீடுகளில் நீரிழிவு இவ்வளவு பரவிக் கிடப்பதோடு இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

முடியை அளப்பதற்கு ஃபெரிமன், கால்வே என்ற இருவர் 1961-இல் வகுத்த முறை திருத்தங்களோடு இன்றும் இருக்கிறது. உடலின் ஒன்பது இடங்களுக்குத் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண். இனத்தைப் பொறுத்து 4 முதல் 6 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ இருந்தால் மிகுதி. நடைமுறையில் இதைக் குலைப்பது த்ரெடிங்கும் வாக்சிங்கும்தான். மருத்துவர் முன் உட்காரும் முகம் ஏற்கெனவே முடி நீக்கப்பட்ட முகம். கேட்காவிட்டால் அந்த மதிப்பெண் பூஜ்யமாகிவிடும். ஏ வகைப் பெண் டி வகையாகப் பதிவாவாள். இரத்தப் பரிசோதனையும் இதை முழுதாக ஈடுகட்டுவதில்லை. பல ஆய்வுக்கூடங்களில் டெஸ்டோஸ்டிரோனை அளக்கும் சாதாரண முறைகள் ஆண்களின் உயர்ந்த அளவுக்குப் பொருந்துபவை. பெண்களின் குறைந்த அளவில் அவை தடுமாறுகின்றன. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவளுக்கு எஸ்.எச்.பி.ஜி. ஏறி, ஆண்ட்ரோஜன் தணிந்து எல்லாமே இயல்பாகத் தெரியும். அதை நிறுத்தி, குறைந்தது மூன்று மாதம் கழித்து அளந்தால்தான் எண் பேசும்.

ராட்டர்டாம் விதிக்கு எதிரான வாதங்களில் வலுவானது, அது நலமான இளம்பெண்களை நோயாளிகளாக்குகிறது என்பது. இதில் பெரும்பகுதி உண்மை. 2003-இல் ஒரு சினைப்பையில் 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவுள்ள நுண்ணறைகள் 12 இருந்தாலே போதும் என்றார்கள். ஸ்கேன் கருவிகள் கூர்மையானபோது முன்பு கண்ணில் படாத நுண்ணறைகளும் தெரிந்தன. இருபது வயதைத் தாண்டிய நலமான பெண்களில் மிகப் பலரும் 12-ஐத் தாண்டினார்கள். அந்த வயதில் கருமுட்டை இருப்பு செழிப்பாக இருப்பது இயற்கை. நீர்க்கட்டி என்று பயமுறுத்தப்படுபவை பெரும்பாலும் இந்த வளராத நுண்ணறைகள்தான். ஆகவே 2018-இல் பன்னாட்டு வழிகாட்டி எல்லையை 20-க்கு உயர்த்தியது. பூப்பெய்தி எட்டு ஆண்டு ஆகாதவர்களுக்கு ஸ்கேனை நோயறிதலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. 2023 வழிகாட்டி, வளர்ந்த பெண்களில் ஸ்கேனுக்குப் பதிலாக ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனையை ஏற்றுக்கொண்டது. பதின்பருவத்தினருக்கு இரண்டுமே வேண்டாம் என்றது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு மாதவிலக்கு ஒழுங்கின்மையும் ஆண்ட்ரோஜன் மிகுதியும் சேர்ந்தே இருந்தால்தான் பிசிஓஎஸ். அந்த ஒழுங்கின்மையின் அளவும் வயதைப் பொறுத்தது: பூப்பெய்திய முதல் ஆண்டில் எப்படி வந்தாலும் இயல்பே, மூன்றாவது ஆண்டு முடியும்வரை 45 நாள் இடைவெளி வரை பொறுக்கலாம், அதன் பிறகுதான் 35 நாள் கணக்கு. அப்படியிருந்தும் பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேன் அறிக்கையில் இரு பக்கமும் பிசிஓ என்று அச்சாகி, அதுவே நோயின் பெயராக வீட்டுக்குப் போய்ச் சேர்வது நடந்துகொண்டே இருக்கிறது. திருமணப் பேச்சு வரை அந்தத் தாள் கூடவே வருகிறது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆனால் அந்த வாதத்தின் முடிவை, அதாவது டி வகையை ஒட்டுமொத்தமாக நீக்கிவிடலாம் என்பதை, நான் ஏற்கவில்லை. நீக்குவதைவிட, அதற்குள் தவறாக நுழைபவர்களைப் பிரித்தறிவதே தேவை. எடுத்துக்காட்டுக்காக இரண்டு பெண்களை அமைத்துப் பார்ப்போம். இருவருக்கும் வயது 23. இருவருக்கும் கடைசி மாதவிலக்கு ஐந்து மாதம் முன்பு. இருவரும் மெலிந்தவர்கள். இருவருக்கும் முகத்தில் முடி இல்லை, டெஸ்டோஸ்டிரோன் இயல்பு, இரு சினைப்பையிலும் 22 நுண்ணறைகள். மூன்றில் இரண்டு நிறைவேறிவிட்டது. எண்ணிப் பார்ப்பவர் இருவரையும் டி வகை என்று எழுதிவிடுவார். முதலாமவளின் எல்.எச். 13, எஃப்.எஸ்.எச். 6, எஸ்ட்ரடையால் 60, கருப்பை உள்வரி 11 மில்லிமீட்டர். பத்து நாள் புரோஜெஸ்டோஜன் மாத்திரை கொடுத்து நிறுத்தினால் அவளுக்கு விலக்கு வருகிறது. இரண்டாமவளின் எல்.எச். 1.5, எஃப்.எஸ்.எச். 5, எஸ்ட்ரடையால் 18, உள்வரி 3 மில்லிமீட்டர். மாத்திரைக்குப் பிறகும் விலக்கு வரவில்லை. கேட்டால் கடந்த ஓராண்டில் எட்டு கிலோ குறைந்திருக்கிறாள், சோற்றை அறவே விட்டிருக்கிறாள், தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறாள். இவளுக்கு இருப்பது பிசிஓஎஸ் இல்லை. உணவு போதாமையாலும் உழைப்பாலும் மூளையின் ஹைப்போதலாமஸ் தன் கட்டளையைத் தணித்துக்கொண்ட நிலை. நுண்ணறைகள் நிறைந்த சினைப்பை இந்த நிலையிலும் நிறையப் பேருக்கு உண்டு.

இந்தப் பிழையின் விலை பெரிது. முதலாமவளின் உடலில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, அதைச் சமன்செய்யும் புரோஜெஸ்டிரோன் இல்லை. உள்வரி தடித்துக்கொண்டே போகும் ஆபத்து அவளுக்கு. இரண்டாமவளுக்கு ஈஸ்ட்ரோஜனே போதவில்லை. எலும்பு மெலியும் ஆபத்து அவளுக்கு. பிசிஓடி வந்தால் எடையைக் குறை, மாவுச்சத்தைக் குறை, உடற்பயிற்சியைக் கூட்டு என்று எல்லோருக்கும் சொல்லப்படும் அறிவுரை இரண்டாமவளைச் சென்றடைந்தால் அவள் நோயை வளர்க்கும். அவளுக்குத் தேவை கூடுதல் உணவும் குறைந்த ஓட்டமும். ராட்டர்டாம் விதியிலேயே, பிற காரணங்களை நீக்கிய பிறகு என்ற வரி இருக்கிறது. தைராய்டு, புரோலாக்டின், அட்ரினல் நொதிக் குறைபாட்டைக் காட்டும் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன், இந்த ஹைப்போதலாமஸ் நிலை எல்லாம் அந்த வரிக்குள் அடங்கும். மூன்றில் இரண்டு எண்ணுவது எளிது. மறக்கப்படுவது இந்த வரிதான். முடி சில மாதங்களிலேயே திடீரென்று அடர்ந்து குரலும் கரகரத்தால் ஆண்ட்ரோஜன் சுரக்கும் கட்டியைத் தேட வேண்டும் என்பதும் இதே வரியின் பொருள்.

அடுத்த எதிர்வாதம் கொள்கை சார்ந்தது. இவ்வளவு வேறுபட்டவர்களை ஒரே பெயரின் கீழ் வைப்பதே தவறு, இவை வேறு வேறு நோய்கள் என்பார்கள். மரபணு ஆய்வுகள் இதற்கு இருபுறமும் பதில் சொல்கின்றன. 2018-இல் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களிடம் செய்த பெரிய மரபணுத் தொகுப்பாய்வு 14 இடங்களைக் கண்டறிந்தது. 1990 விதிப்படி தேர்ந்தவர்கள், ராட்டர்டாம் விதிப்படி தேர்ந்தவர்கள், தங்களுக்கு பிசிஓஎஸ் என்று தாங்களே சொன்னவர்கள் ஆகிய மூன்று குழுக்களிலும் மரபணு அமைப்பு பெரும்பாலும் ஒத்திருந்தது. கோடுகள் வேறானாலும் வேர் பெரிதும் பொது என்று இதைப் படிக்கலாம். 2020-இல் அமெரிக்காவில் ஆண்ட்ரியா டுனைஃப் உள்ளிட்ட குழு வேறு வழியில் போனது. அறிகுறிகளை விட்டு, பி.எம்.ஐ., இன்சுலின், எல்.எச்., எஸ்.எச்.பி.ஜி. போன்ற அளவுகளைக் கொண்டு பெண்களைக் கணிப்பொறியால் தொகுத்தபோது, எல்.எச்.சும் எஸ்.எச்.பி.ஜி.யும் உயர்ந்த ஒரு கூட்டமும், இன்சுலினும் எடையும் உயர்ந்த மற்றொரு கூட்டமும் பிரிந்தன. இரண்டிலும் சேராதவர்களும் நிறைய இருந்தார்கள். இரு கூட்டங்களோடும் தொடர்புகொண்ட மரபணு இடங்களும் வேறு வேறாக இருந்தன. என் வாசிப்பில் இவை ஒன்றையொன்று மறுக்கவில்லை. வேர்களில் பல பொது. எந்த வேர் எவளிடம் தடித்தது என்பது வேறு. ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் வெளியே தெரியும் அறிகுறிகளைக் கூட்டிய கணக்கு. உள்ளே இயங்கும் எல்.எச்., இன்சுலின் விகிதத்தை அவை நேராகக் காட்டுவதில்லை. பெயரைத் துண்டுபோட அவசரப்படுவதைவிட ஒவ்வொருத்தியிடமும் எந்த முடுக்கி முன்னிற்கிறது என்று அளந்து எழுதுவது இன்றைக்குச் செய்யக்கூடியது.

ஏ, பி, சி, டி என்ற அந்த வகை எழுத்தும் நிலையானதில்லை. 26 வயதில் எடை ஏறியிருந்த காலத்தில் ஏ வகையாக இருந்தவள் உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தால் மாதவிலக்கு சீராகி சி வகையாகலாம். வயது ஏற ஏற நுண்ணறைகள் குறைவதால் முப்பதுகளின் பிற்பகுதியில் பலருக்கு விலக்கு தானாகவே ஒழுங்குக்கு வருகிறது, ஆண்ட்ரோஜனும் தணிகிறது. தன் அக்காவுக்கு வந்ததும் தனக்கு வந்ததும் ஒன்றுபோல இல்லை என்று ஒரு பெண் குழம்பும்போது, இருவரும் வேறு வேறு வயதில், வேறு எடையில், ஒருவேளை மாத்திரை சாப்பிட்ட காலத்தில் அளக்கப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே அறிக்கையில் பிசிஓஎஸ் என்ற ஒற்றைச் சொல்லோடு, மூன்றில் எந்த இரண்டு, எந்தத் தேதியில், என்ன எடையில், எந்த மருந்தோடு என்பதும் இருக்க வேண்டும். நாற்பது வயதில் விலக்கு ஒழுங்கானதும் குணமாகிவிட்டது என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். இன்சுலின் மந்தம் மாதவிலக்கோடு சேர்ந்து ஒழுங்காவதில்லை. 2023 வழிகாட்டி, நோய் கண்ட நாளிலும் அதன் பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் சர்க்கரை நிலையைப் பார்க்கச் சொல்கிறது. வெறும் வயிற்று அளவைவிட 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது அதில் விரும்பத்தக்கது. விலக்கு சீராக வரும் நாற்பது வயதுப் பெண்ணுக்கும் அந்தப் பரிசோதனை பாக்கி இருக்கிறது.